தெப்பக்குளத்து மாலையும் இரண்டு கொசு மருந்துகளும்

வண்டியூர் தெப்பக்குளத்தில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். தங்கச்சி மகனுக்கு இரண்டரை வயது. வீட்டில் இரண்டு மருந்து இருந்தன: கொசுவை விரட்டும் டீட் என்ற ரசாயனம் 10 சதவீதம் உள்ள க்ரீம், சிட்ரோனெல்லா எண்ணெய் கலந்த ‘மூலிகை’ ஸ்ப்ரே.

ஸ்ப்ரேயின் வாசனை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். 10 சதவீத டீட் சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். சதவீதம் கூடினால் நேரம்தான் நீளும், அதனால் இவனுக்கு 10 போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு டீட் கூடாது, கொசுவலைதான்.

செடியிலிருந்து வந்தது என்பதாலேயே பாதுகாப்பு என்று நம்பிவிட முடியாது. நன்றாக வேலை செய்யும் லெமன் யூகலிப்டஸ் எண்ணெயையே மூன்று வயதுக்குள் பூசக் கூடாது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

“பெரியம்மா, நானே பூசுறேன்” என்று கை நீட்டினான். தரவில்லை. என் உள்ளங்கையில் எடுத்து அவன் கால், முன்கை, கழுத்தில் மெல்லிசாகத் தடவினேன். முகத்தில் கண்ணையும் வாயையும் விட்டுவிட்டேன். அவன் விரல்களிலும் பூசவில்லை, எப்படியும் வாய்க்குத்தான் போகும். சட்டைக்குள்ளும், சொறிந்த புண்ணிலும் படக் கூடாது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தூங்க வைத்தோம்.