குதிகால் நாண் அறுந்தால்: திருச்சி வைத்தியமும் திரும்பிய விமானமும்

விடுமுறைக்கு வந்த இடத்தில் மச்சானோடு ஷட்டில் ஆடப் போய், வலது குதிகாலுக்குப் பின்னால், ஆடுசதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அகிலஸ் நாண் அறுந்துவிட்டது. திருச்சியில் இதற்கு என்ன வைத்தியம் கிடைத்தது, எது சுலபத்தில் கிடைக்கவில்லை, அந்தக் காலோடு பர்மிங்காம் திரும்பியது எப்படி என்று எழுதுகிறேன். வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஊருக்கு வந்ததும் கோர்ட்டில் குதிக்கிற நாற்பது வயசுக்காரர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறதாம்.

நெட் ஓரம் விழுந்த பந்தை எடுக்க வலது காலை ஊன்றி உந்தினேன். ‘டப்’பென்று ஒரு சத்தம். பின்னாலிருந்து கணுக்காலில் உதை விழுந்த மாதிரி இருந்தது. திரும்பி, “ஏன்டா மிதிச்சே?” என்று கேட்டேன். மச்சான் இரண்டு கஜம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். வலி சீக்கிரமே அடங்கியது. தாங்கித் தாங்கி நடக்கவும் முடிந்தது.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. வேகத்தில் குறை சொல்ல முடியாது. அரை மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்து, படத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பணியிலிருந்த இளம் மருத்துவர், “எலும்பு நல்லா இருக்கு சார். பாதத்தையும் அசைக்கிறீங்க. சுளுக்குதான்” என்று க்ரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்.

அவர் சொன்ன இரண்டுமே உண்மைதான், ஆனால் இரண்டாலும் எதுவும் தெளிவாகாது. எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்த ஆடுசதை மட்டுமல்ல, கணுக்காலைச் சுற்றி ஓடும் வேறு சின்னத் தசைகளும் உதவுகின்றன. நாண் முழுசாக அறுந்த பிறகும் அவை பாதத்தை அசைத்துக் காட்டும். பல பேருக்கு இது சுளுக்கு என்றே வாரக்கணக்கில் ஓடிவிடுவது இதனால்தான்.

வீட்டில் அத்தை, எண்ணெய் போட்டு நீவிக் கட்டுகிறவரிடம் போகலாம் என்றார். மாடிப்படி ஏறும்போது அந்தக் கால் நுனியில் எழும்பவே இல்லை என்பதைக் கவனித்த மச்சான்தான், மறுநாள் காலையில் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனான்.

அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்கவே இல்லை. கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். பாதங்கள் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்கின. இடது ஆடுசதையைப் பிடித்து அமுக்கினார், பாதம் தானாகக் கீழ்நோக்கி மடங்கியது. வலதை அமுக்கினார், அசைவே இல்லை. குதிகாலிலிருந்து நாலு விரல் மேலே என் விரலையே வைத்து அழுத்தச் சொன்னார். உள்ளே பள்ளம். “அறுந்திருக்கு சார். இந்த இடத்துல ரத்த ஓட்டம் கம்மி, அதனால பெரும்பாலும் இங்கேதான் அறும்” என்றார். மொத்தமே ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. முதல் இடத்தில் இதைச் செய்ய எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது.

கேட்ட கேள்விகளும் வேறு மாதிரி இருந்தன. சர்க்கரை உண்டா? குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா? சமீபத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? வந்த வாரமே வயிறு கெட்டு, ஆஃப்லாக்சசின் கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் இந்த நாணைப் பலவீனமாக்கலாம் என்று அமெரிக்காவில் 2008லேயே கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். “அதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது, ஆனா அடுத்த தடவை அந்த மாத்திரை தந்தா இதைச் சொல்லுங்க” என்றார்.

ஸ்கேனில் நுனிகள் இரண்டும் அறுந்த தேங்காய்நார்க் கயிறு போலச் சிலும்பியிருந்தன. பாதம் நேராக இருக்கும்போது இடைவெளி நன்றாகத் தெரிந்தது. கால் விரல்களைக் கீழே நீட்டியதும் அது ஏறக்குறைய மூடிக்கொண்டது. வைத்தியத்தின் அடிப்படையே அதுதான். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்தால்தான் நுனிகள் தொட்டுக்கொண்டு ஒட்டும். சாதாரணக் கணுக்கால் சுளுக்குக்குப் போடுவது போல பாதத்தை நேராக நிறுத்திக் கட்டினால் இடைவெளி அப்படியே நிற்கும். நீவுவதும் சேர்க்காது. அன்றே பாலே ஆடுகிறவர் கால் மாதிரி விரல் கீழே இருக்க, பின்பக்க மாவுக்கட்டு போட்டுவிட்டார்.

அறுவையா, கட்டா என்ற கேள்விக்கு அவர் நேரம் எடுத்துப் பேசினார். 2022இல் நார்வேயில் 550க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அறுவை செய்தவர்களும் செய்யாதவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். வித்தியாசம் வேறு இடத்தில். அறுவை இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நாண் மறுபடி அறுந்தது. அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மறுபக்கம், நரம்பு பாதிப்பு அறுவையில்தான் கூடுதல், அதிலும் சின்னத் துளை வழியாகத் தைத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர். எனக்குச் சர்க்கரை உண்டு. அந்த இடத்துத் தோல் மெல்லிசு, புண் ஆறச் சிரமப்படும். இடைவெளியும் மூடுகிறது. அதனால் அறுவை வேண்டாம் என்று முடிவானது. அறுவைக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியிருக்கக்கூடியவர் அதைச் சொன்னார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து மாவுக்கட்டை எடுத்துவிட்டு, கணுக்காலை அசையவிடாமல் பிடிக்கும் வாக்கர் பூட். புத்தூர் பக்கத்துச் சர்ஜிகல் கடைகளில் பூட் உடனே கிடைத்தது. குதிகாலுக்கு அடியில் வைக்கும் ஆப்புகள்தான் எங்கேயும் இல்லை. அவை இல்லாமல் பூட் மட்டும் போட்டால் பாதம் நேராகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். சர்க்கரை நோயாளிகளுக்குச் செருப்பு செய்யும் ஒரு பட்டறையில், எம்.சி.ஆர். ரப்பர் ஷீட்டைச் சரிவாக வெட்டி மூன்று அடுக்குச் செய்து தந்தார்கள். அத்தனை கச்சிதம். பர்மிங்காமில் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அவற்றை மாற்றவே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஓர் அடுக்கு என்று எடுத்துக்கொண்டே வர வேண்டும். தூங்கும்போதும் பூட் காலில்தான்.

விமானம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அசையாத ஆடுசதையில் ரத்தம் உறையும், அதோடு பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு, பூட்டுக்கு மாறிய பிறகுதான் கிளம்பினேன். மாவுக்கட்டு புதுசாக இருந்தால் விமானத்தில் உள்ளே கால் வீங்கி இறுகும் என்பதால், போட்ட முதல் இரண்டு நாளில் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, ஏற்றினாலும் கட்டை நீளவாட்டில் பிளக்கச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் எனாக்ஸபாரின் ஊசியை மருத்துவர் தொடரச் சொன்னார். மருந்துச் சீட்டோடு அது கைப்பையில் வந்தது. ஆடுசதையில் புது வலியோ வீக்கமோ, மூச்சுத் திணறலோ வந்தால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்று சீட்டிலேயே எழுதியிருந்தார்.

ஸ்கேன் அறிக்கை, அடிபட்ட தேதி, எந்த நாளில் எத்தனை அடுக்கு என்ற அட்டவணை எல்லாம் ஒரே ஃபைலில் கையில் கிடைத்தது. பர்மிங்காமில் என் ஸ்கேனை நான் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

பூட்டைக் கழற்றி இப்போது குதி உயர்த்திய ஷூவில் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். அதைத்தான் செய்யக் கூடாது. புதுசாக ஒட்டிய நாண் இழுபட்டு நீண்டுவிட்டால், ஆடுசதை எவ்வளவு சுருங்கினாலும் குதிகால் எழும்பாது, உந்தும் பலம் திரும்பவும் வராது. இரண்டு காலையும் ஊன்றிக் குதிகாலைத் தூக்க முடிகிறது; வலது கால் தனியாக இன்னும் தூக்கவில்லை. ஒற்றைக் காலில் இடது அளவுக்கு அது எழும்பும் வரை ராக்கெட்டைத் தொடக் கூடாது, அதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட்.