டெய்லர் விதி: இடைவெளிக்கு 0.5 எடையா, 1 எடையா?

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் டெய்லர் 1993-ல் முன்வைத்த வட்டி விதி இது:

```
i = 2 + π + 0.5(π − 2) + 0.5y
```

i என்பது மத்திய வங்கி வைக்க வேண்டிய வட்டி, π பணவீக்கம். y உற்பத்தி இடைவெளி, அதாவது பொருளாதாரத்தின் உற்பத்தி அதன் இயல்பான திறனைவிட எத்தனை சதவீதம் மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது. முதலில் வரும் 2 இயல்புநிலை உண்மை வட்டி, அதாவது பணவீக்கத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் வட்டி. அடைப்புக்குள் இருக்கும் 2 பணவீக்க இலக்கு.

1999-ல் அவரே அலசிய இன்னொரு வடிவத்தில் y-க்கு முன்னால் 0.5-க்குப் பதில் 1 வருகிறது. மற்றதெல்லாம் அப்படியே.

பணவீக்கம் 4, இடைவெளி +1 என்று வைத்தால் முதல் விதி 7.5 சதவீதம் சொல்கிறது, இரண்டாவது 8. பெரிய சண்டை இல்லை. மந்தநிலைக்கு வாருங்கள்: பணவீக்கம் 1.5, இடைவெளி −6.

முதல் விதி: 2 + 1.5 − 0.25 − 3 = 0.25
இரண்டாவது: 2 + 1.5 − 0.25 − 6 = −2.75

முதலாவது, வட்டி கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கினால் போதும் என்கிறது. இரண்டாவது, பூஜ்யத்துக்குப் போனாலும் இன்னும் 2.75 புள்ளி குறை இருக்கிறது, வேறு வழி தேடு என்கிறது. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை 0–0.25 வரை இறக்கிய பிறகும் பத்திரங்களை வாங்கிக்கொண்டே போனதற்கான தர்க்கம் இந்த இரண்டாவது கணக்குக்குத்தான் நெருக்கம்.

அப்படியானால் 1-ஐயே எப்போதும் வைத்துக்கொள்ளலாமா? என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பணவீக்கத்தை அளக்கலாம், இடைவெளியை மதிப்பிடத்தான் முடியும். அந்த மதிப்பீடும் பின்னால் திருத்தப்படும். உண்மை இடைவெளி பூஜ்யமாக இருக்க, −3 என்று தப்பாகக் கணித்தால் முதல் விதியில் வட்டி 1.5 புள்ளி குறைவாகப் போகும், இரண்டாவதில் முழு 3 புள்ளி. 1970-களில் அமெரிக்காவில் இடைவெளியை உண்மையில் இருந்ததைவிட மிகப் பெரிய பள்ளமாகக் கணித்ததும் அன்றைய பணவீக்கத்துக்கு ஒரு காரணம் என்று பொருளாதார நிபுணர் அதானாசியோஸ் ஆர்ஃபனிடிஸ் காட்டினார்.

அதனால் என் தேர்வு இப்படி: இடைவெளி இருப்பதில் சந்தேகமே இல்லாத ஆழமான மந்தத்தில் 1, மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படும் சாதாரண காலத்தில் 0.5.

அப்புறம், எக்செல்லில் போடும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று: 0.5-ஐப் பார்த்துவிட்டு, தனியாக நிற்கும் π-ஐ விட்டுவிடுவார்கள். பணவீக்கத்தின் முழு எடை 1.5. சோதிப்பது எளிது, π-ஐ மட்டும் 1 கூட்டிப் பாருங்கள்; வட்டி 1.5 ஏற வேண்டும். 0.5 மட்டும் ஏறினால் பணவீக்கம் கூடக்கூட உண்மை வட்டி இறங்குகிறது, விதி தலைகீழாகிவிட்டது.