இரவுக் கடிதமும் காலைக் கடிதமும்

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்தோம். மழையில் கூரை ஒழுகி அம்மாவின் பட்டுப்புடவை நனைந்தது. ஆனாலும் 4,500 ராண்ட் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள்.

அன்று இரவே நோட்டுப்புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதினேன். ஃபோனில் எழுதவில்லை, அதில் கை தவறினால் போய்ச் சேர்ந்துவிடும். "மனசாட்சி இல்லாத ஆட்கள்", "எல்லாரிடமும் சொல்லி நாறடிப்பேன்" என்றெல்லாம் அதில் இருந்தது. யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் பேனா தயங்கவே இல்லை.

காலையில் பென்சிலோடு உட்கார்ந்து, ரசீதோ படமோ காட்டி நிரூபிக்கக்கூடிய வரிகளை மட்டும் வட்டமிட்டேன். மூன்று பக்கத்தில் நான்கே வரி தேறியது: தேதி, தொகை, ஒழுகிய இடமும் நனைந்த புடவையும், மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன உறுதி. கடைசியானதற்குச் சாட்சி மாமாதான், சரி, அதுவும் இருக்கட்டும். அனுப்பிய கடிதம் இந்த நான்கும், "14 நாளுக்குள் தொகையைத் திருப்பித் தாருங்கள்" என்ற ஒரு கோரிக்கையும்தான். முதல் கடிதத்தில் அந்தக் கோரிக்கையே இல்லை! அவ்வளவு திட்டியவன் என்ன வேண்டும் என்று கேட்கவே மறந்திருக்கிறேன்.

இரண்டாவதிலும் கோபம் வேறு வேஷத்தில் நுழையும். "தங்கள் அருமையான சேவைக்கு நன்றி" என்று எழுதியிருந்தேன். சத்தமாகப் படித்துக் காட்டியதும் அம்மா சிரித்துவிட்டார், அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் புடவை நனைந்த வரியை அடிக்கவில்லை. அதையும் எடுத்திருந்தால் வெறும் கணக்குச் சீட்டாகிவிடும்.

1863-இல் லிங்கனும் தளபதி மீடுக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதி, கையெழுத்திடாமல் அனுப்பாமலே வைத்துக்கொண்டார். என்னுடைய மூன்று பக்கத்தை அப்படி வைத்துக்கொள்ளவில்லை, கிழித்துவிட்டேன்.