மேனேஜர் சொன்ன தேதி மூன்றாவது முறையும் தள்ளிப்போனால்: காத்திருப்பதா, டீம் மாறுவதா, பேப்பர் போடுவதா?

என் தோழி ஒருவர் ஓ.எம்.ஆரில் ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறார். 2023 ஏப்ரலில் லீட் ஆகிவிடலாம் என்று மேனேஜர் வாக்கு கொடுத்திருந்தார். ஏப்ரல் வந்ததும், "நம்ம டீமுக்கு ரெண்டு ஸ்லாட்தான் வந்துச்சு, சீனியர்ஸுக்குப் போயிடுச்சு. அக்டோபர்ல பாத்துக்கலாம்" என்றார். அக்டோபரில், "மேலிடத்துல ப்ரோமோஷன் எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க." 2024 ஏப்ரலில், "உங்களுக்கு விசிபிலிட்டி இன்னும் கொஞ்சம் வேணும்னு நினைக்கிறாங்க." இத்தனைக்கும் லீட் செய்ய வேண்டிய வேலையை அவர்தான் செய்துகொண்டிருந்தார். புதிதாக வந்த நான்கு பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, கிளையன்ட் போன் மீட்டிங்கில் பதில் சொல்வது, ரிலீஸ் அன்று இரவு உட்காருவது, எல்லாம்.

இந்த நிலையில் இருக்கிறவருக்கு நான்கு வழிகள் உண்டு. இன்னொரு அப்ரைசல் வரை காத்திருக்கலாம். அதே கம்பெனிக்குள் வேறு ப்ராஜெக்டுக்குப் போகலாம். வெளியே ஆஃபர் வாங்கி, அதைக் காட்டி உள்ளேயே பேரம் பேசலாம். இல்லையென்றால் பேப்பர் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

முதல் வழியைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்ற மூன்றையும் எப்போது எடுப்பது என்பது அதைப் பொறுத்துத்தான் முடிவாகிறது.

மேனேஜர் நல்லவரா, ஏமாற்றுகிறாரா என்று யோசித்து யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம். நானும் கொஞ்ச காலம் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். பெரும்பாலான கம்பெனிகளில் ஒருவரை லீட் ஆக்கும் அதிகாரம் ப்ராஜெக்ட் மேனேஜரிடம் கிடையாது. அவர் செய்யக்கூடியது பெயரைப் பரிந்துரைப்பது. அந்தப் பட்டியல் டெலிவரி ஹெட்டிடம் போகும். பிறகு பல டீம்களின் பட்டியல்களை ஒன்றாக வைத்து, இருக்கிற ஸ்லாட்டுக்கு ஏற்ப வெட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு மேனேஜரும் தன் ஆளுக்காக வாதாட வேண்டும். கடைசியில் எச்.ஆரும் நிதித்துறையும் ஒப்புதல் தர வேண்டும். ஏப்ரல் ப்ரோமோஷன் என்றால் பட்டியல் பல இடங்களில் ஜனவரி, பிப்ரவரியிலேயே மூடப்பட்டுவிடும். மார்ச் கடைசியில் போய் "இந்த முறை என் பெயர் இருக்கா?" என்று கேட்பது, வண்டி கிளம்பிய பிறகு டிக்கெட் கேட்கிற கதைதான்.

ஆகவே வாக்கு தள்ளிப்போனதும் கேட்க வேண்டியது இதுதான்: என் பெயர் பட்டியலில் போனதா, போனதென்றால் எந்தப் படியில் நின்றது? உண்மையிலேயே கூட்டத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த மேனேஜருக்கு இதற்குப் பதில் தெரியும். "பத்து பேர் இருந்தாங்க, மூணு ஸ்லாட். நீங்க நாலாவது. பக்கத்து டீம் ஆளுக்கு போன வருஷ ரேட்டிங் உங்களைவிட அதிகம்" என்பார். கசப்பான பதில்தான், ஆனால் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும். பெயரையே அனுப்பாதவரிடமிருந்து விசிபிலிட்டி, மெச்சூரிட்டி, "மேலிடத்துல நினைக்கிறாங்க" போன்ற சொற்கள்தான் வரும். யார் நினைத்தார்கள், எதைப் பார்த்து நினைத்தார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

இதைவிட முக்கியமான அடையாளம், காரணங்களின் வரிசை. ஒரே படியில் நிற்பது வேறு, ஒவ்வொரு முறையும் காரணம் மாறிக்கொண்டே இருப்பது வேறு. தோழியின் கதையில் முதல் இரண்டு காரணங்களையும் நான் நம்பினேன். ஸ்லாட் பற்றாக்குறை சகஜம். 2023இல் பல ஐடி கம்பெனிகள் சம்பள உயர்வையே தள்ளிப்போட்டன, அது செய்தித்தாள்களில் வந்த விஷயம். ஃப்ரீஸ் என்று சொன்னால் சரிபார்ப்பதும் எளிது. அந்தச் சமயத்தில் வேறு டீம்களுக்கு வாழ்த்து மெயில் வந்ததா என்று பார்த்தால் போதும். யாருக்குமே வரவில்லை என்றால் மேனேஜர் சொன்னது உண்மை. நாலு டீமுக்கு வந்து நம் டீமுக்கு மட்டும் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் ஃப்ரீஸ் இல்லை.

மூன்றாவது காரணம்தான் என்னை உறுத்தியது. முதலில் ஸ்லாட் இல்லை என்றால் ஆளுக்குத் தகுதி இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஃப்ரீஸ் என்றபோதும் தகுதியைப் பற்றிக் கேள்வி எழவில்லை. ஒரு வருடம் கழித்து, தகுதியே போதாது என்று ஆரம்பப் படிக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இடையில் அவருடைய ரேட்டிங் குறையவில்லை, வேலை குறையவில்லை. ஆக, முதல் இரண்டு முறையும் பெயர் போகவே இல்லை, அல்லது மேனேஜருக்கு அந்தக் கூட்டத்தில் செல்வாக்கு இல்லை. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதால் தோழிக்கு ஒரு லாபமும் இல்லை. முடிவு ஒன்றேதான்.

அதனால் என் அளவுகோல் மாதங்கள் அல்ல, அப்ரைசல் சுற்று. முதல் முறை தள்ளிப்போனால், எந்தப் படியில் நின்றது என்ற பதில் தெளிவாக இருக்கும்வரை இன்னொரு சுற்று கொடுக்கலாம். இரண்டாவது முறையும் தள்ளிப்போய், காரணமும் அதேதான், ஆனால் பெயர் ஒரு படி மேலே போயிருக்கிறது என்றால் இன்னும் ஒரு சுற்று பொறுக்கலாம். ஃப்ரீஸ் போலச் சரிபார்க்க முடியாத வேறு காரணமாக மாறிவிட்டால் அன்றே கணக்கை முடித்துக்கொள்வேன். காத்திருக்கிற சுற்றிலும் பேசியதை அன்றே ஒரு மெயிலாக அனுப்பி வைக்க வேண்டும்: "இன்று பேசியபடி, ஏப்ரல் சுற்றுக்கு என் பெயரைப் பரிந்துரைப்பதாகச் சொன்னீர்கள். அதற்குள் நான் முடிக்க வேண்டியவை இந்த இரண்டு வேலைகள். நான் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்." சண்டைக்கான ஆதாரம் என்று இதை நினைக்க வேண்டாம். மேனேஜரே மாறிப்போகும் நாளுக்காகத்தான் இது. வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும், புதிதாக வருபவர் "எனக்கு யாரும் சொல்லலையே" என்பார். மெயிலுக்குப் பதிலே வரவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

காத்திருப்பதற்கு எவ்வளவு செலவு? ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இப்போது வருடச் சம்பளம், அதாவது சி.டி.சி., 14 லட்சம், வெளியே 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 18 லட்சத்து 20 ஆயிரம். உள்ளேயே இருந்து இந்த முறை நிஜமாகவே ப்ரோமோஷன் வந்து 12 சதவீதம் ஏறினால் 15 லட்சத்து 68 ஆயிரம். ஆக வாக்கு நிறைவேறினால்கூட அந்த வருடம் இரண்டரை லட்சம் குறைவு. நிறைவேறாமல் வழக்கமான 6 சதவீத உயர்வு மட்டும் வந்தால் குறைவு மூன்று லட்சத்தைத் தாண்டும். அப்படியானால் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். லீட் என்ற பதவிப்பெயரோடு வெளியே போனால் லீட் வேலைகளுக்கே அழைப்பு வரும், அதற்குத்தான். ஆனால் லீட் வேலையை ஏற்கெனவே செய்கிறவர் ரெஸ்யூமேயில் அதை எழுதலாம், இன்டர்வியூவில் பேசலாம். பதவிப்பெயருக்காக ஒரு வருடம் பொறுப்பது சிலருக்கு லாபம்தான். அதற்கு மேல் பொறுத்து லாபம் பார்த்தவரை நான் கண்டதில்லை.

இரண்டாவது வழி, உள்ளுக்குள்ளேயே மாறுவது. இன்டர்னல் ஜாப் போஸ்டிங்கில் விண்ணப்பிக்கலாம். பி.எஃப். மாற்ற வேண்டாம், ப்ரொபேஷன் இல்லை, சர்வீஸ் தொடரும். மேனேஜர்தான் பிரச்சனை, கம்பெனி இல்லை என்றால் இது நல்ல வழி, பலர் இதை யோசிப்பதே இல்லை. ஆனால் இரண்டு முட்கள் உண்டு. பழைய மேனேஜர் விடுவித்தால்தான் போக முடியும். பில்லிங்கில் இருக்கிற, அதாவது கிளையன்டிடமிருந்து பணம் வரவைக்கிற ஆளை அவ்வளவு எளிதில் விட மாட்டார்கள். "மாற்று ஆள் வரட்டும்" என்பது அங்கே தள்ளிப்போடுவதற்கான வாசகம். அப்புறம், புது மேனேஜர் "ஒரு வருஷம் உங்க வேலையைப் பாக்கறேன்" என்று ஆரம்பித்தால் வரிசையில் கடைசிக்குப் போய்விட்டோம். அதனால் அடுத்த கிரேடுக்கான போஸ்டிங்காகவே பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். இருக்கிற கிரேடிலேயே மாறினால் மேஜைதான் மாறும்.

மூன்றாவது வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளி ஆஃபரைக் காட்டினால் உள்ளே பணம் வரும். ஆனால் நான் பார்த்தவரை பதவி வராது. சுற்றுக்கு நடுவில் கிரேடு ஏற்ற தனி ஒப்புதல் வேண்டும், பணத்தைக் கூட்டுவது அதைவிட எளிது. "இப்போ ஹைக் வாங்கிக்கோங்க, பதவி அடுத்த சுற்றுல" என்று மறுபடியும் ஒரு தேதிதான் கையில் கிடைக்கும். அடுத்த கூட்டத்தில் "இவருக்குத்தான் இப்பவே கொடுத்தாச்சே" என்று யாராவது சொல்லவும் சொல்வார்கள். பணம் மட்டும்தான் குறை என்றால் இந்த வழி போதும். வாக்கை நம்பி அலுத்துப்போனவருக்கு இது எந்த விதத்திலும் மருந்தில்லை.

தோழி நான்காவது வழியை எடுத்தார். மூன்றாவது காரணம் வந்த வாரமே ரெஸ்யூமேவைப் புதுப்பித்தார், ஆஃபர் கைக்கு வந்த பிறகு பேப்பர் போட்டார். நோட்டீஸ் பீரியடில் மேனேஜர் போனில் அழைத்து, "அக்டோபர் லிஸ்ட்ல உங்க பேர் முதல்ல இருக்கு" என்றாராம். லிஸ்டைக் காட்டச் சொன்னாரா என்று கேட்டேன். சிரித்தார்.

வெளியே போவதில் தேதிகள்தான் கழுத்தைப் பிடிக்கும். 90 நாள் நோட்டீஸ் என்றால் பாதி ரெக்ரூட்டர்கள் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள். ஆகவே தேடலை, காத்திருக்க முடிவு செய்த சுற்றின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும், முடிவு தெரிந்த பிறகு அல்ல. நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்பே விலகும் பை-அவுட் உண்டா, புது கம்பெனி அந்தப் பணத்தைத் தருமா என்று ஆஃபருக்கு முன்பே கேட்டுவிடலாம். வேரியபிள் பே கைக்கு வரும் நாளில் பேரோலில் இருக்க வேண்டும், நோட்டீஸில் இருக்கக் கூடாது என்று பல கம்பெனிகளின் பாலிசியில் எழுதியிருக்கும். எச்.ஆர். போர்ட்டலில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத் தேதியைக் குறியுங்கள். ஒரே கம்பெனியில் ஐந்து வருடத்தை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள், அது முடிந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேசிக் மாதம் 50,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு எடுத்தால் ஏறத்தாழ 1 லட்சத்து 44 ஆயிரம். நான்கு வருடம் பத்து மாதத்தில் இருக்கிறவர், மேனேஜரை நம்பாவிட்டாலும், அந்த இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம். நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும் என்பதால், 90 நாள் நோட்டீஸ் உள்ளவர் பேப்பரை இன்றே போட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார், முன்கூட்டியே ரிலீவ் ஆகாமல் இருந்தால்.