ஒரு டிரேடுக்கு 1% ரிஸ்க்: ஆல்கோவில் சில வருட அனுபவம்

என்எஸ்இ பங்குகளில் பைதான் ஸ்கிரிப்ட் வைத்து இன்ட்ராடே ஆல்கோ ஓட்டுகிறேன். எத்தனை பங்கு வாங்குவது என்பதற்கு ஆரம்பத்திலிருந்தே இந்த ஒரு வரிதான் அடிப்படை:

```python
qty = int(equity * 0.01 / abs(entry - sl))
```

கணக்கில் 5 லட்சம் இருந்தால் ஒரு டிரேடில் நஷ்டம் 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 800 ரூபாய்ப் பங்குக்கு ஸ்டாப்லாஸ் 784 என்றால் 312 பங்கு. தொடர்ந்து பத்து டிரேடு அடி வாங்கினாலும், கணக்கில் சுமார் 9.6% தான் குறையும். ஒவ்வொரு முறையும் மீதமுள்ள தொகையில்தான் 1% எடுக்கிறோம் என்பதால் 10% கூட ஆகாது. இந்த விஷயத்தில் 1% விதி சொன்னதைச் செய்கிறது.

ஆனால் ஸ்டாப்லாஸ் மிக அருகில் இருக்கும்போது அந்த 1% வெறும் காகிதக் கணக்குதான். அதே பங்குக்கு ஸ்டாப் 798 என்று சிக்னல் வந்தால் சூத்திரம் 2,500 பங்கு வாங்கச் சொல்லும். அதாவது 20 லட்சம் மதிப்பு. ஐந்து மடங்கு மார்ஜினில் அது நிறைவேறியும் விடும். ஸ்டாப் அடிக்கும்போது ஒரு ரூபாய் ஸ்லிப்பேஜ் வந்து 797-இல் விற்றாலே நஷ்டம் 7,500, அதாவது 1.5%. 784-இல் ஸ்டாப் வைத்த டிரேடில் அதே ஒரு ரூபாய் நழுவினால் 5,304 தான். டிரேடு லாகில் திட்டமிட்ட நஷ்டத்தையும் உண்மையான நஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஸ்லிப்பேஜைச் சேர்க்காத பேக்டெஸ்டில் தெரியவே தெரியாது.

அதனால் இன்னொரு வரம்பும் வைத்திருக்கிறேன். மொத்த மதிப்பு கணக்குத் தொகையைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன 798 ஸ்டாப்புக்கு 625 பங்குதான் வரும், ரிஸ்க் 1,250 ரூபாயாகக் குறையும். லாபமும் குறையும்தான், பரவாயில்லை.

ஃபியூச்சர்ஸில் கதை வேறு. லாட் 75 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் 80 புள்ளி தள்ளி இருந்தால் ஒரு லாட்டுக்கே 6,000 ரிஸ்க். விடை பூஜ்யம், டிரேடை விட்டுவிட வேண்டும். பல மாதிரி நிரல்களில் இந்த இடத்தில் `max(1, lots)` என்று இருக்கும், அதாவது பூஜ்யம் வந்தாலும் ஒரு லாட் வாங்கிவிடும். அந்த ஒரு வரி விதியையே சத்தமில்லாமல் உடைத்துவிடும். லாட் அளவும் அவ்வப்போது மாறுவதால் அதைக் கையால் எழுதி வைக்காமல் புரோக்கர் தரும் இன்ஸ்ட்ருமென்ட் பட்டியலிலிருந்து தினமும் எடுப்பது நல்லது.

அப்புறம், பாதி மட்டும் நிறைவேறும் ஆர்டர்கள். 312 கேட்டு 200 கிடைத்தால், ஸ்டாப் ஆர்டரும் 200-க்குத்தான் போக வேண்டும். 312-க்கே போனால் ஸ்டாப் அடித்ததும் 112 பங்கு ஷார்ட்டில் நிற்போம். அந்த ஷார்ட்டுக்கு ஸ்டாப்பே இருக்காது.