காலியாகத் தெரியும் சேனல் 3-ஆ, ஐந்து பேர் இருக்கும் சேனல் 1-ஆ? அபார்ட்மென்ட் வைஃபைக்கு எது சரி

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்கள் அபார்ட்மென்டில் வீட்டுக்கு வீடு ரௌட்டர். ராத்திரி எட்டு மணி ஆனால் வைஃபை திணறும். வழி மூன்றுதான்: சேனலை ஆட்டோவில் விடலாம், காலியான சேனலுக்குப் போகலாம், இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று படாத 1, 6, 11-ல் ஒன்றில் மற்றவர்களோடு சேர்ந்து இருக்கலாம். நான் எடுத்தது கடைசி வழி.

போனும் லேப்டாப்பும் ரௌட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸில் போட்டுவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. இங்கே பேச்சு, சுவர் தாண்டிப் போகவேண்டிய 2.4 பற்றித்தான்.

சிக்னல் பலத்தைக் காட்டும் வைஃபை அனலைசரில் பார்த்தபோது 6-ல் பக்கத்து வீடு -48, 11-ல் மேல்வீடு -55. இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். 1-ல் ஐந்து பெயர்கள், எல்லாமே எதிர் பிளாக், -85-க்குப் பக்கம். 3-ல் யாருமே இல்லை. கீழ்வீட்டு அண்ணாச்சி, “3-ல போடுங்க தம்பி, காலியாத்தானே கெடக்கு” என்றார். பார்வைக்கு அது சரிதான். ஆனால் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரௌட்டர் பிடிக்கும் அகலமோ 20. அதனால் 3-ல் உட்கார்ந்தால் 1-ன் மேலும் 6-ன் மேலும் படும்.

தீர்மானிப்பது இதுதான். ஒரே சேனலில் இருக்கும் ரௌட்டர்களுக்கு ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும். ஒன்று பேசினால் மற்றது காத்திருக்கும். சுமார் -82 வரை கேட்டாலே வழிவிடும். பாதி மேலே விழும் சேனலின் பேச்சு புரியாது, வெறும் இரைச்சல். அது -62 அளவுக்குப் பலமாக இருந்தால்தான் காத்திருக்கும். அதற்குக் கீழே என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், பாக்கெட் கெடும், திரும்ப அனுப்பும். ஆகவே தலைகளை எண்ணாதீர்கள், பலத்தைப் பாருங்கள். -85-ல் கேட்கும் ஐந்து பேரைவிட -48-ல் கேட்கும் ஒருவர்தான் தொந்தரவு. எனக்கு 1 பொருந்தியது அதனால்தான்.

சரிபார்க்க, நெட் ஸ்பீடு டெஸ்டை நம்பாதீர்கள். அதில் இணைப்பின் கோளாறும் கலந்துவிடும். டிவி இருக்கும் இடத்தில் விண்டோஸ் லேப்டாப்பை வைத்து, ரௌட்டரையே கேளுங்கள் (முகவரி ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்):

```
ping -n 50 192.168.1.1
```

3-ல் வைத்தபோது ராத்திரியில் பதில் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாவியது, இடையிடையே Request timed out. 1-ல் பெரும்பாலும் பத்துக்குள். கூடவே சேனல் அகலத்தை 20-ல் வையுங்கள். 40 வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

ஆட்டோ வேண்டாமென்று ஏன் முடிவெடுத்தேன்? பல மாடல்கள் ஆன் ஆகும்போது மட்டுமே சேனல் தேடும். கரண்ட் போய் வந்தால் பிளாக் முழுக்க ஒரே நேரத்தில் ஆன் ஆகும். ஒன்றை ஒன்று பார்ப்பதற்குள் எல்லாம் இடம் பிடித்துவிடும். அவ்வப்போது தானே மாற்றிக்கொள்ளும் புது மாடல் என்றால் ஆட்டோ நன்றாக இருக்கலாம், நான் பயன்படுத்தியதில்லை.

கையால் வைத்தால் ஒரு வேலை உண்டு: பக்கத்து வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்தால், ஒரு ராத்திரி அனலைசரைத் திறந்து 1-ல் யார் பலமாக ஏறியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.