பற்று நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு: ஷீட்டா, டேலியா, மொபைல் ஆப்பா?

குன்னூரில் தேயிலைத்தூள் விற்கும் ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே இரண்டு வகை நோட்டு இருக்கும். ஒன்று ஆர்டர் நோட்டு: கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ போன் செய்து "போன தடவை வாங்கின அதே தூள், ரெண்டு கிலோ அனுப்புங்க" என்பவர்களின் முகவரியும் அளவும். இன்னொன்று பற்று நோட்டு: சுற்றுவட்டாரத்து டீக்கடைகளும் ஓட்டல்களும் கடனுக்கு எடுத்துப்போனது, கொடுத்தது, மீதி. கம்ப்யூட்டருக்கு மாறலாம் என்று முடிவெடுத்ததும் கடைக்காரர்கள் பெரும்பாலும் விலையையும், பில் எவ்வளவு அழகாக வருகிறது என்பதையும்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மென்பொருள் ஒரு வாடிக்கையாளரை எதை வைத்து அடையாளம் காண்கிறது? பழைய நோட்டு ஒழுங்காக உள்ளே போகுமா, குழம்புமா என்பதை இந்த ஒரு விஷயம் தீர்மானித்துவிடும்.

கூகுள் ஷீட்ஸ், எக்செல் போன்றவற்றுக்கு அடையாளம் என்று ஒன்றும் கிடையாது. ஒரே ஆளை நாலு வரியில் எழுதினாலும் வாயைத் திறக்காது. டேலிக்குப் பெயர்தான் அடையாளம். ஒரே பெயரில் இரண்டு லெட்ஜர், அதாவது இரண்டு கணக்குப் பக்கம், திறக்க விடாது. மொபைல் பில்லிங் ஆப்களில் பல, போன் நம்பரை வைத்து ஆளைத் தேடுகின்றன.

இந்த மலையில் இதெல்லாம் ஏன் சிக்கல் என்றால், இங்கே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். படகர் ஊர்களில் பெள்ளி, போஜன், ராமன் என்ற பெயர் ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும். நோட்டில் "பெள்ளி அண்ணா" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஜெகதளா பெள்ளியா, பேரட்டி பெள்ளியா என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். போன் நம்பரும் நம்பகமான அடையாளம் இல்லை. அப்பாவின் டீக்கடைக் கணக்கும் மகனின் ஓட்டல் கணக்கும் ஒரே நம்பரில் இருக்கும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் ஒரு ஷீட் போட்டே ஆக வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் கடையே ஒரு குறியீடு கொடுக்க வேண்டும். ஊரின் இரண்டெழுத்தும் ஒரு வரிசை எண்ணும் போதும்: ஜெகதளாவுக்கு JG-014, பேரட்டிக்கு BR-003 என்பது போல. குறியீட்டை ஒருமுறை கொடுத்தபின் மாற்றக்கூடாது; கடையை மூடிவிட்டுப் போனவரின் எண்ணை இன்னொருவருக்குத் தரவும் கூடாது.

நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யத் தொடங்குவதற்கு முன்பே, போன் நம்பர் வரும் நிரலை, அதாவது மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசையை, `Format > Number > Plain text` என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 0423 என்று தொடங்கும் லேண்ட்லைன் நம்பரின் முன்பூஜ்யம் காணாமல் போகும். +91 என்று தொடங்கினால் ஷீட் அதைக் கணக்கு என்று நினைத்து + குறியை விழுங்கிவிடும், அல்லது பிழை காட்டும். நோட்டில் நம்பர்கள் இடைவெளி விட்டும், கோடு போட்டும், 91 சேர்த்தும், சேர்க்காமலும் இருக்கும். நம்பர் C நிரலில் இருந்தால், பக்கத்து D நிரலில் இதைப் போட்டால் கடைசிப் பத்து இலக்கம் மட்டும் வரும்:

```
=RIGHT(REGEXREPLACE(C2,"[^0-9]",""),10)
```

இந்தச் சூத்திரம் கூகுள் ஷீட்ஸுக்கு. நம் நாட்டு மொபைல் நம்பர் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். எனவே 4-இல் தொடங்கி வந்தால் அது லேண்ட்லைன் என்று புரிந்துகொள்ளலாம். பத்துக்கும் குறைவாக வந்தால் 0423 போன்ற எஸ்.டி.டி. எண் இல்லாத பழைய நம்பர், அல்லது எழுதும்போது ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கிறது. ஒரு ஆபத்தும் உண்டு. ஒரே கட்டத்தில் இரண்டு நம்பரை எழுதியிருந்தால் இந்தச் சூத்திரம் முதல் நம்பரைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். அதனால் C நிரலை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள்; இரண்டு நம்பர் உள்ள வரிகளைக் கையால் பிரியுங்கள்.

அடுத்து E நிரலில் இதைப் போட்டு இரட்டிப்பைத் தேடலாம்:

```
=IF(D2="","",COUNTIF(D:D,D2))
```

2 அல்லது அதற்கு மேல் வந்த வரிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். உடனே ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். நோட்டை எழுதிய பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. எந்தச் சூத்திரமும் செய்யாததை அவர் ஒரு பார்வையில் செய்வார்: "இது அண்ணன், அது தம்பி. தம்பி கடையை மூடி ரெண்டு வருஷமாச்சு."

உதாரணத்துக்கு ஜெகதளா பெள்ளியின் கணக்கு. பற்று நோட்டில் "பெள்ளி டீக்கடை" பக்கத்தில் பாக்கி ₹4,860. வேறொரு நோட்டில் "ஜெ. பெள்ளி" என்று ₹1,240 பாக்கி. ஆர்டர் நோட்டின் ஓரத்தில் "பெள்ளி அண்ணா அட்வான்ஸ் ₹500". மூன்றும் ஒரே ஆள் என்று உறுதியானால், அவர் தரவேண்டியது 4,860 + 1,240 − 500 = ₹5,600. அந்த 500 கழிய வேண்டிய தொகை. தவறிப்போய்க் கூட்டினால் 6,600 ஆகும். ₹1,000 அதிகமாகக் கேட்டால் அவர் அடுத்த மாதம் வேறு கடையில் தூள் வாங்குவார்.

பழைய கொள்முதல் ஒவ்வொன்றையும் ஏற்றத் தேவையில்லை. ஒரு நாளைத் தேர்ந்து (மார்ச் 31 மாலை வசதி), அன்றைய மீதியை மட்டும் ஏப்ரல் 1-இன் முன்பாக்கியாக ஏற்றினால் போதும். ஆர்டர் நோட்டிலும் இப்படித்தான்: கடந்த இரண்டு மூன்று வருடங்களில் ஒருமுறையாவது வாங்கியவர்களை மட்டும் எடுங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு முகவரிக்கு அது 6-இல் தொடங்கும்.

இப்போது ஒப்பீட்டுக்கு வரலாம்.

பார்சல் ஆர்டருக்கு ஷீட் போதும் என்பதே என் கருத்து. ஒரு வரிக்கு ஒரு ஆர்டர்; குறியீடு, தூள் வகை, எடை, பணம் வந்ததா, அனுப்பியாச்சா. கடைசி நிரலில் கீழிறங்கு பட்டியல் வைத்துவிட்டால் ஒரே பார்சலை இரண்டு தடவை அனுப்பும் தொல்லை குறையும். குன்னூருக்குப் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. தீபாவளி ஆர்டர்களும் அப்போதுதான் குவியும், நெட்டும் அப்போதுதான் போகும். முன்கூட்டியே குரோமில் ஆஃப்லைன் வசதியை இயக்கி வைத்திருந்தால் ஷீட்ஸ் நெட் இல்லாமலும் வேலை செய்யும். நெட் போன பிறகு இயக்க முடியாது. ஷீட்டின் உண்மையான பலவீனம் வேறு. ஒரு நிரலை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால் ஒருவரின் பெயரும் இன்னொருவரின் முகவரியும் சேர்ந்துகொள்ளும். உடனே கவனித்தால் பதிப்பு வரலாற்றுக்குப் போய் மீட்கலாம். ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால், நடுவில் சேர்த்த வரிகளை மறுபடி கையால் சேர்க்க வேண்டும். பாக்கிக் கணக்கை இதில் நம்பி வைக்க நான் சொல்ல மாட்டேன்.

பாக்கிக்கு டேலிதான். அதில் ஒவ்வொரு டீக்கடையும், பாக்கி தரவேண்டியவர்களுக்கான `Sundry Debtors` என்ற குழுவில் ஒரு லெட்ஜர். பெயர் தனியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் முதலில் எரிச்சலூட்டும். நமக்கு அதுவே காவல். "பெள்ளி ஜெகதளா டீக்கடை" என்று பெயர், ஊர், தொழில் சேர்த்துப் போடுங்கள். மாற்றுப்பெயருக்கான `Alias` என்ற இடத்தில் JG-014 போடுங்கள். எதைத் தட்டினாலும் ஆள் வருவார். டேலி பிரைம் 4.0 முதல் எக்செல் கோப்பிலிருந்தே ஏற்றலாம்.

ஏற்றும்போது ஒரு கேள்வி உண்டு: அதே பெயரில் லெட்ஜர் ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது? `Combine Opening Balances` என்று விட்டால், முன்பாக்கியைப் பழையதோடு கூட்டிவிடும். முதல்முறை பாதியில் பிழை வந்து, கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினால், முதலிலேயே உள்ளே போய்விட்டவர்களின் பாக்கி இரட்டிப்பாகும். பெள்ளிக்கு 5,600-க்குப் பதில் 11,200 காட்டும். மறுபடி ஏற்றும்போது `Modify with new data` என்பதைத் தேர்ந்தால் இது வராது. அதைவிட நல்லது, முதல் தடவை சோதனைக்கென்று ஒரு தனிக் கம்பெனி திறந்து அதில் ஐந்து பேரை மட்டும் ஏற்றிப் பார்ப்பது.

முடிந்ததா என்று அறிய ஒரே சோதனைதான்: ஷீட்டின் மொத்தப் பாக்கியும் டேலியில் அந்தக் குழுவின் மொத்தமும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தைப் பாருங்கள். அது 9-ஆல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 5,460-ஐ 4,560 என்று அடித்தால் வித்தியாசம் 900. இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடுங்கள். அந்தத் தொகையில் ஓர் அட்வான்ஸ் அகப்பட்டால், அது பற்று வரவு மாறி ஏறியிருக்கிறது.

டேலிக்குக் குறை இல்லாமல் இல்லை. சொந்த உரிமம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். சேல்ஸ் ஆர்டர் வசதி இருந்தாலும் ஒரு கிலோ தூள் பார்சலுக்கு அது பெரிய சுற்று. கணக்கு முழுதும் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருப்பதால் நெட் போனால் கவலையில்லை. கம்ப்யூட்டர் போனால் எல்லாம் போச்சு. தினமும் பேக்கப் எடுத்து, அதைக் கடைக்கு வெளியே வைக்க வேண்டும்.

மொபைல் ஆப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். கவுண்டரில் நின்றபடியே பில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் பழைய தரவை ஏற்றும் இடத்தில்தான் பல ஆப்கள் சறுக்கும். போன் நம்பர் ஒன்றாக இருந்தால் அப்பா, மகன் கணக்குகள் ஒன்றில் கலக்கலாம், அல்லது இரண்டாவது வரி தவிர்க்கப்படலாம். நம்பரே இல்லாதவர் உள்ளே போகாமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன் ஐந்து வரிக் கோப்பு ஒன்றைத் தயார் செய்யுங்கள்: ஒரே நம்பரில் இருவர், நம்பர் இல்லாத ஒருவர், அட்வான்ஸ் கொடுத்த ஒருவர், தமிழில் பெயர் உள்ள ஒருவர், சாதாரணமான ஒருவர். ஏற்றி, பிறகு அதே ஐந்தையும் வெளியே எடுத்துப் பாருங்கள். தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக வந்தால் தவறு ஆப்பில் இல்லாமலும் இருக்கலாம்; எக்செல்லில் கோப்பைச் சேமிக்கும்போது `CSV UTF-8` என்பதைத் தேர்ந்தீர்களா என்று முதலில் பாருங்கள். வெளியே எடுக்கும் வசதியே இல்லாத ஆப் என்றால், எத்தனை மலிவானாலும் நான் தொட மாட்டேன். பற்றே இல்லாமல் ரொக்கத்துக்கு மட்டும் விற்கும் கடைக்கு இந்த ஆப்கள் நன்றாகவே பொருந்தும். அங்கே ஏற்றுவதற்கு முன்பாக்கி கிடையாது.

நாம் எடுத்துக்கொண்ட குன்னூர்க் கடைக்கு என் தீர்ப்பு: பற்று டேலியில், பார்சல் ஷீட்டில், இரண்டிலும் அதே குறியீடு. முதல் மாதம் மட்டும் பற்று நோட்டிலும் சேர்த்தே எழுதி, சனிக்கிழமை தோறும் பத்துக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும்.